மரத்தை வரிசையில் நிறுத்துவது எப்படி?

ஒரு மலைப்பகுதியில் 12 ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை இணைக்க 11 சாலைகள், ஒவ்வொரு சாலையிலும் ஒரு பாலம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போவதானாலும் ஒரே வழிதான். சுற்றிப்போக மாற்றுப் பாதை கிடையாது. இப்படிப்பட்ட அமைப்பைத்தான் கணினியியலில் ‘மரம்’ என்கிறார்கள். ஒவ்வொரு பாலமும் இத்தனை டன் வரை தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. 8-ஆம் ஊரில் சரக்கு ஏற்றும் லாரிக்காரருக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: 11-ஆம் ஊர் வரை அதிகபட்சம் எத்தனை டன் கொண்டுபோகலாம்? வழியிலுள்ள பாலங்களில் எது மிகவும் பலவீனமோ, அது தாங்கும் எடைதான் விடை.

12 ஊர்களுக்குக் காகிதத்தில் விரல் வைத்தே சொல்லிவிடலாம். ஊர்கள் ஒரு லட்சம், கேள்விகளும் ஒரு லட்சம் என்றால் நிலைமை வேறு. மரம் ஒல்லியாக நீண்டு கிடந்தால் ஒரு கேள்விக்கே ஏறக்குறைய ஒரு லட்சம் பாலங்களைப் பார்க்க நேரிடும். மொத்தம் 1,000 கோடி அடிகள். விடைகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளவும் வழியில்லை. கேள்விகளுக்கு நடுவே ஒரு பாலத்தைப் பலப்படுத்துவார்கள், இன்னொன்று மழையில் பழுதாகும், எழுதிவைத்ததெல்லாம் வீணாகும்.

ஊர்கள் எல்லாம் ஒரே நேர்ச்சாலையில் இருந்திருந்தால் இதற்கு நல்ல தீர்வு ஒன்று முன்பே இருக்கிறது. அதன் பெயர் செக்மெண்ட் ட்ரீ. வரிசையிலுள்ள எண்களை இரண்டிரண்டாகச் சேர்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் சிறியதை மேல்தட்டில் எழுதுவது; அந்தத் தட்டையும் இரண்டிரண்டாகச் சேர்த்து இன்னொரு தட்டு; உச்சியில் ஒரே எண் மிஞ்சும்வரை இதே வேலை. ஒரு லட்சம் எண்களுக்கு 17 தட்டுகள் போதும். ஓர் எண் மாறினால், அதிலிருந்து உச்சிவரை தட்டுக்கு ஒன்றாகத் திருத்தினால் ஆயிற்று. ‘இந்த இடத்திலிருந்து அந்த இடம்வரை சிறியது எது?’ என்றால், முன்பே கணக்கிட்ட கட்டங்களில் அதிகம் போனால் 34-ஐப் பொறுக்கினால் விடை வந்துவிடும்.

ஆனால் செக்மெண்ட் ட்ரீக்கு வரிசை வேண்டும். மரமோ கிளை பிரிந்து நிற்கிறது. அதை எப்படி வரிசையில் நிறுத்துவது? இந்தக் கேள்விக்கான விடைதான் ஹெவி-லைட் டிகம்போசிஷன்.

நம் 12 ஊர்களை எடுத்துக்கொள்வோம். 1-ஆம் ஊர் உச்சி. அதற்குக் கீழே 2, 3. இரண்டுக்குக் கீழே 4, 5. நான்குக்குக் கீழே 7, 8. ஏழுக்குக் கீழே 10, அதற்கும் கீழே 12. மறுபக்கம் மூன்றுக்குக் கீழே 6, 9. ஆறுக்குக் கீழே 11. ஒவ்வொரு ஊரையும் பார்த்து, அதையும் சேர்த்து அதன் கீழ் மொத்தம் எத்தனை ஊர்கள் என்று எண்ணவேண்டும். 2-இன் கீழ் 7 ஊர்கள், 3-இன் கீழ் 4, 4-இன் கீழ் 5, 7-இன் கீழ் 3. இதுதான் அந்த ஊரின் கனம். பிறகு, ஒவ்வொரு ஊரும் தன் பிள்ளைகளில் கனம் மிகுந்த ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளும். அந்தப் பிள்ளைக்குப் போகும் சாலை கனமான சாலை, மற்றவை இலேசான சாலைகள். 1 தேர்வது 2-ஐ, 2 தேர்வது 4-ஐ, 4 தேர்வது 7-ஐ.

இப்போது இலேசான சாலைகளை மட்டும் வெட்டிப் பாருங்கள். மரம் சில சங்கிலிகளாகப் பிரியும். 1, 2, 4, 7, 10, 12 ஒரு நீண்ட சங்கிலி. 3, 6, 11 இன்னொன்று. 8, 5, 9 ஆகியவை தனித்தனியே ஓர் ஊர்ச் சங்கிலிகள். உச்சியிலிருந்து கிளம்பி, எப்போதும் கனமான பிள்ளையை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போவது என்ற ஒழுங்கில் எண் கொடுத்தால், ஒரு சங்கிலியின் ஊர்கள் எல்லாம் வரிசையில் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஒவ்வொரு பாலத்தின் எடையையும் அதன் கீழ்முனையிலுள்ள ஊரின் பெயரில் எழுதிவைப்போம். உச்சி ஊருக்கு மேலே பாலம் இல்லாததால் அதன் இடம் காலி.

```
இடம் :  1  2  3  4  5  6  7  8  9 10 11 12
ஊர்  :  1  2  4  7 10 12  8  5  3  6 11  9
டன்  :  - 40 25 30 20 16 18 22 35 28 30 12
```

லாரிக்காரரின் கேள்விக்கு வருவோம். 8-இன் சங்கிலி 8-லேயே முடிகிறது. 11-இன் சங்கிலி 3-இல் தொடங்குகிறது. சங்கிலித் தலைகள் வேறு வேறு. இரண்டில் எந்தத் தலை உச்சியிலிருந்து ஆழத்தில் இருக்கிறதோ, அந்தப் பக்கம்தான் முதலில் ஏறவேண்டும். 8 மூன்றாம் ஆழம், 3 முதலாம் ஆழம். எனவே 8-இன் துண்டை, அதாவது 7-ஆம் இடத்தை, எடுத்துக்கொண்டு 4-க்கு ஏறுகிறோம். கையில் 18 டன். இப்போது 4-இன் தலை 1, அது உச்சி. 11-இன் தலை 3. இந்த முறை 11-இன் பக்கம் ஏறவேண்டும்: 9 முதல் 11 வரையிலான இடங்களில் சிறியது 28. ஏறினால் 1-க்கு வருகிறோம். 4-ம் 1-ம் ஒரே சங்கிலியில் இருப்பதால் மிச்சம் ஒரே துண்டு, 2 முதல் 3 வரை. அதில் சிறியது 25. மூன்று துண்டுகளிலும் சிறியது 18. அதுதான் விடை. 8-ஆம் ஊர்ப் பாலத்தை 40 டன்னுக்குப் பலப்படுத்தினால், செக்மெண்ட் ட்ரீயில் 7-ஆம் இடத்தையும் அதற்கு மேலே உச்சிவரை உள்ளவற்றையும் திருத்துகிறோம். மறுபடி கேட்டால் விடை 25.

ஆறு பாலங்கள் மூன்று துண்டுகளாயின. இதில் பெரிய இலாபம் தெரியாது. ஒரு லட்சம் ஊர்கள் இருக்கும்போது துண்டுகள் எத்தனை வரும் என்பதுதான் கேள்வி. இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதற்கான விடைதான், அது இவ்வளவு எளிது என்பதால்.

ஒரு சங்கிலியிலிருந்து இன்னொன்றுக்கு மாற இலேசான சாலை ஒன்றில் ஏறவேண்டும். அந்தச் சாலை இலேசானது என்றால், ஏறிய இடத்தில் நம்மைவிடக் கனம் குறையாத இன்னொரு பிள்ளை உண்டு என்று பொருள். அப்படியானால் மேலேயுள்ள ஊரின் கனம் நம் கனத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டிவிடுகிறது. இலேசான சாலையில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் நமக்குக் கீழே உள்ள ஊர்களின் எண்ணிக்கை இரட்டிக்கிறது: 1, 3, 7, 15 என்று குறைந்தபட்சம் இந்த வேகத்தில். பதினைந்து முறை ஏறினால் 65,535. பதினாறாவது முறைக்கு 1,31,071 ஊர்கள் வேண்டும். இருப்பதோ ஒரு லட்சம். ஆகவே எந்த ஊரிலிருந்தும் உச்சிவரை இலேசான சாலைகள் 15-க்கு மேல் இருக்க முடியாது. மரத்தை யார் எவ்வளவு கோணலாக வளர்த்திருந்தாலும் இது மாறாது. இரண்டு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 31 துண்டுகள். துண்டுக்கு 34 கட்டங்கள் என்றாலும் ஆயிரத்துச் சொச்சம்தான்.

கனத்தை ஊர்களின் எண்ணிக்கையால் அளப்பது இங்கே முக்கியம். ‘எந்தப் பிள்ளையின் கீழ் கிளை நீளமாகப் போகிறதோ, அதைத் தேர்ந்தால் என்ன, சங்கிலி இன்னும் நீளுமே’ என்று தோன்றும். தோன்றுவது நியாயம்தான். ஆனால் அப்போது இரட்டிக்கும் வாதம் அறுந்துபோகிறது. ஒவ்வொரு கிளை பிரியும் இடத்திலும் நம்மைவிட ஒல்லியான, ஆனால் அதே நீளமுள்ள ஒரு கிளையை ஒட்டிவைத்து ஒரு மரம் கட்டினால், ஒரு லட்சம் ஊர்களில் சங்கிலி மாற்றங்கள் நானூறைத் தாண்டும்.

நிரலாகச் சொன்னால் கேள்விப் பகுதி இவ்வளவுதான்:

```
def query(a, b):
    ans = INF
    while top[a] != top[b]:
        if depth[top[a]] < depth[top[b]]:
            a, b = b, a
        ans = min(ans, seg.get(pos[top[a]], pos[a]))
        a = parent[top[a]]
    if depth[a] > depth[b]:
        a, b = b, a
    if a != b:
        ans = min(ans, seg.get(pos[a] + 1, pos[b]))
    return ans
```

இதில் இரண்டு இடங்களில் கால் வழுக்கும். முதலாவது, நான்காவது வரி. அங்கே தலைகளின் ஆழத்துக்குப் பதிலாக ஊர்களின் ஆழத்தையே ஒப்பிட்டுவிடுவது. 12-க்கும் 9-க்கும் இடையே கேட்டுப் பாருங்கள். 12 ஐந்தாம் ஆழம், 9 இரண்டாம் ஆழம். 12-தான் ஆழம் என்று அதை ஏற்றினால், அது ஒரே தாவலில் உச்சியைத் தாண்டி, இல்லாத ஓர் ஊருக்குப் போய்விடும். தலைகளை ஒப்பிட்டால் 9-தான் முதலில் ஏறும், பிறகு 3, கடைசியில் நீண்ட சங்கிலி. விடை 12 டன்.

இரண்டாவது, கடைசியில் வரும் `+ 1`. எண்கள் பாலங்களுக்கு உரியவை என்பதால், இரண்டு பாதைகளும் சந்திக்கும் ஊரின் இடத்தை விட்டுவிடவேண்டும். அந்த இடத்தில் எழுதியிருப்பது, அந்த ஊருக்கும் மேலே போகும் பாலம். நம் வழியில் அது இல்லை. இந்தப் பிழை பல நாள் ஒளிந்திருக்கக்கூடியது. முதலில் இருந்த எண்களோடு 8-லிருந்து 5-க்குக் கேட்டால் பாதை 4, 2 வழியாகப் போகும், விடை 18. `+ 1` மறந்திருந்தால் 1-க்கும் 2-க்கும் இடையிலுள்ள 40 டன் பாலமும் கணக்கில் சேரும், ஆனாலும் விடை 18-தான். அந்தப் பாலம் பழுதாகி 10 டன்னாகக் குறைந்த பிறகுதான் பிழை வெளியே வரும். லாரி அந்தப் பாலத்தின் பக்கமே போகாது, ஆனால் நிரல் 10 என்று சொல்லும். இதைப் பிடிக்க உறுதியான வழி, ஒவ்வொரு பாலமாகப் பார்த்துச் செல்லும் மெதுவான நிரல் ஒன்றையும் எழுதி, சிறு மரங்களில் எண்களை மாற்றி மாற்றி இரண்டின் விடைகளையும் ஒப்பிடுவது. குருட்டாம்போக்கில் வளர்த்த மரங்களோடு, ஒரே கோடாக நீண்ட மரத்தையும், உச்சியிலேயே எல்லாப் பிள்ளைகளும் தொங்கும் மரத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

ஆயிரத்துச் சொச்சம் என்ற வரம்பை நடைமுறையில் தொடுவது அரிது. சங்கிலிகள் பலவாகும்போது அவை குட்டையாகிவிடும். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு பிள்ளைகள் என்று சீராகப் பிரியும் மரத்தில் சங்கிலி மாற்றங்கள் அதிகம், ஆனால் பாதையே முப்பது சாலைகளுக்குள் முடிந்துவிடும். வேண்டுமென்றே கெட்ட மரம் கட்ட விரும்புகிறவர், சீரான சிறு மரம் ஒன்றை எடுத்து அதன் ஒவ்வொரு சாலையையும் நூற்றுக்கணக்கான ஊர்கள் கொண்ட நீண்ட சாலையாக இழுக்கவேண்டும்.

டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜானும் 1983-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இந்தக் கனம்-இலேசு பிரிப்பு வருகிறது. அவர்கள் முன்னிருந்ததும் நம் லாரிக்காரரின் கேள்வியைப் போன்றதுதான்: ஒரு வலையமைப்பின் வழியே அதிகபட்சம் எவ்வளவு செலுத்தமுடியும்? அதற்கு, மரத்தின் பாதை ஒன்றில் மிகக் குறைந்த கொள்ளளவு எது என்று திரும்பத் திரும்பப் பார்க்கவேண்டியிருந்தது. ஆனால் அவர்களுடைய மரம் நிலையாக நிற்காது. ஒரு சாலையின் கொள்ளளவு தீர்ந்ததும் அதை வெட்டிவிட்டு வேறொன்றை ஒட்டவேண்டும். இங்கே நாம் பார்த்த முறையால் அது முடியாது. பாலத்தின் எடையை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். ஒரே ஒரு சாலையை வெட்டி வேறிடத்தில் ஒட்டினாலும், கனங்கள் மாறி, சங்கிலிகள் மாறி, வரிசை எண்களை முதலிலிருந்து கொடுக்கவேண்டிவரும். அப்படி மாறிக்கொண்டேயிருக்கும் மரங்களுக்கு அவர்கள் வகுத்த அமைப்பு இன்று லிங்க்-கட் ட்ரீ என்று அறியப்படுகிறது. அதை எழுதுவது இதைவிடக் கடினம். சாலைகள் நிலையாக இருந்து, எண்கள் மட்டும் மாறும் கணக்குகளுக்கு ஒரு செக்மெண்ட் ட்ரீயும் மேலேயுள்ள சில வரிகளும் போதும்.