படத்தில் எந்த வரிசையில் இருக்கிறது அந்தப் பெட்டி?

இரண்டு தளங்களில் இயங்கும் ஓர் ஆடிட்டர் அலுவலகம். பன்னிரண்டு கணினிகள், ஒரு பிரிண்டர், தளத்துக்கு ஒன்றாக இரண்டு ஆக்சஸ் பாயின்ட். இதன் நெட்வொர்க்கை வரையச் சொன்னால் பலரும் முதலில் சுவர்களையும் மேசைகளையும்தான் போடுவார்கள். கேபிள் எந்தச் சுவர் வழியே போகிறது என்று பார்க்க அது போதும். மாடியில் மட்டும் பிரிண்டர் ஏன் தெரியவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், எது எதிலிருந்து இணைப்பைப் பெறுகிறது என்ற வரிசை வேண்டும்.

தாளின் உச்சியில் இன்டர்நெட். அடுத்து, பைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டி. அதற்குக் கீழே ரவுட்டர். ரவுட்டரிலிருந்து ஒரே ஒரு கோடு கீழே இறங்கி ஸ்விட்சைத் தொடும். கணினிகள், பிரிண்டர், ஆக்சஸ் பாயின்ட்கள் எல்லாம் ஸ்விட்சுக்கு அடுத்த வரிசை. வைஃபையில் சேரும் போன்களும் லேப்டாப்களும் கடைசி வரிசை; கேபிள் இல்லாத அந்த இணைப்புகளைப் புள்ளிக்கோடாகப் போடுங்கள்.

நினைவிலிருந்து வரையாதீர்கள். ஸ்விட்சின் முன்னால் நின்று, ஒவ்வொரு கேபிளும் எங்கே முடிகிறது என்று பார்த்து, கோட்டின் மேல் போர்ட் எண்ணை எழுதுங்கள். மேசைக்கடியில் யாரோ சொருகிய ஐந்து போர்ட் சின்ன ஸ்விட்ச் அப்போதுதான் அகப்படும். ரவுட்டருக்குப் பக்கத்தில் 192.168.1.1 என்ற முகவரியையும், அது மற்றவற்றுக்கு 192.168.1.100 முதல் 200 வரை முகவரி கொடுக்கிறது என்பதையும் குறியுங்கள். பிரிண்டருக்கு மாறாத முகவரி, 192.168.1.20.

இந்தப் படத்தில் முகவரி கொடுக்கும் வேலை, அதாவது டிஹெச்சிபி, ரவுட்டர் வரிசையில் மட்டும்தான் இருக்க வேண்டும். சிறிய அலுவலகங்களில் அடிக்கடி தவறுவது இங்கேதான். மாடிக்கு ஆக்சஸ் பாயின்ட் என்று சொல்லி, கையில் இருந்த பழைய வைஃபை ரவுட்டரை அப்படியே மாட்டிவிடுவார்கள். அதுவும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கத் தொடங்கும். அதன் லேன் போர்ட்டில் கேபிள் இருந்தால் கீழ்த்தளக் கணினிகளும் சில நேரம் அதனிடமே முகவரி வாங்கி இன்டர்நெட்டை இழக்கும். வேன் போர்ட்டில் இருந்தால் மாடி தனி நெட்வொர்க்காகப் பிரிந்துவிடும்; பிரிண்டரைத் தேடினால் பட்டியலில் வராது.

சந்தேகம் வந்தால், சிக்கல் உள்ள விண்டோஸ் கணினியில் இதை அடியுங்கள்:

```
ipconfig
```

Default Gateway என்ற வரியில் 192.168.1.1 வர வேண்டும். 192.168.0.1 போல வேறு எண் வந்தால், முகவரி கொடுத்தது அந்த மாடிப் பெட்டிதான். அதன் அமைப்புக்குள் போய் 192.168.1.2 என்ற முகவரியைக் கொடுத்து, டிஹெச்சிபியை நிறுத்தி, ஸ்விட்சிலிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டில் சொருகுங்கள். வேன் போர்ட் காலியாகவே இருக்கட்டும். பிறகு படத்தில் அதை ஸ்விட்சுக்குக் கீழே, மற்ற ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் பக்கத்தில், புதிய முகவரியோடு வரையலாம்.