வளைவுக்கு முன்பே திரும்பும் ஸ்டியரிங்

ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் சிறு மின்வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். முன்சக்கரம் எந்தப் பக்கமும் 30 டிகிரிக்கு மேல் திரும்பாது. ஸ்டியரிங் மோட்டாரால் அதையும் வினாடிக்கு 20 டிகிரி வேகத்தில்தான் திருப்ப முடியும். வண்டி மணிக்கு 18 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிறது. எதிரே 5 மீட்டர் ஆரமுள்ள செங்கோண வளைவு.

அந்த வளைவில் போக, சக்கரம் ஏறத்தாழ 27 டிகிரி திரும்பினால் போதும். வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் நேராக இருக்கும் சக்கரம் 27 டிகிரியை எட்ட 1.3 வினாடி பிடிக்கும். அதற்குள் வண்டி ஆறரை மீட்டர் ஓடிவிடும். வளைவின் மொத்த நீளமே எட்டு மீட்டருக்குள்தான்! வளைவு வந்தபின் ஸ்டியரிங்கைத் தொடும் வண்டி வேலியில் போய்த்தான் நிற்கும்.

பாதையை விட்டு எவ்வளவு விலகினோம் என்று பார்த்துப் பார்த்துத் திருப்பும் எளிய முறைகளின் பாடு இதுதான். முன்னால் ஒரு புள்ளியைக் குறிவைத்து ஓட்டும் முறைகள் இதைவிட மேல். ஆனாலும் சக்கரம் இவ்வளவு மெதுவாகத்தான் திரும்பும் என்பது அவற்றின் கணக்கிலும் கிடையாது. 45 டிகிரி திருப்பு என்று கணக்கு சொல்லும். வண்டி 30-லேயே நின்றுவிடும்.

மாடல் பிரெடிக்டிவ் கன்ட்ரோல், சுருக்கமாக எம்.பி.சி., அந்த வரம்புகளைக் கணக்குக்குள்ளேயே கொண்டுவருகிறது. 1970-களில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்காக வளர்ந்த முறை இது. அங்கே வெப்பமும் அழுத்தமும் நிதானமாக மாறும். கணிப்பொறி ஆற அமரக் கணக்குப் போடலாம். வண்டியில் அந்தச் சலுகை இல்லை. நம் வண்டி வினாடிக்குப் பத்து முறை முடிவெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு முறையும் நடப்பது இது. அடுத்த 2 வினாடியை 20 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புவது, வேகத்தை எவ்வளவு கூட்டுவது அல்லது குறைப்பது என்று மொத்தம் 40 எண்களைத் தேடுகிறது. எந்தத் திட்டத்துக்கு வண்டி எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்ல, வண்டியின் அசைவை விவரிக்கும் சில எளிய சமன்பாடுகள் உண்டு. பெயரில் உள்ள 'மாடல்' அதுதான். பாதையை விட்டு விலகினால் அபராதம். ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் அதற்கும் ஓர் அபராதம். 30 டிகிரியையோ வினாடிக்கு 20 டிகிரியையோ மீறும் திட்டங்களுக்கு இடமே இல்லை. மிஞ்சியவற்றுள் அபராதம் மிகக் குறைந்த திட்டத்தைத் தேர்ந்து, அதன் முதல் துண்டை மட்டும் செயல்படுத்துகிறது. மீதி 19-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு, வண்டி இப்போது உண்மையில் எங்கே நிற்கிறது என்று அளந்து, மறுபடி முதலிலிருந்து கணக்கு. வீண்வேலை போலத் தோன்றும். ஆனால் சறுக்கலும் காற்றும் மேடுபள்ளமும் செய்யும் தவறுகள் அந்த மறுகணக்கில்தான் திருத்தப்படுகின்றன.

இப்படி ஓடும் வண்டி, வளைவு வருமுன்பே மெல்லத் திரும்பத் தொடங்கும். பாதையைக் கொஞ்சம் உள்பக்கமாக வெட்டும். பார்ப்பவருக்கு அது பிழையாகப் படலாம். சக்கரம் மெதுவாகத் திரும்புவதால் எப்படியும் விலகித்தான் ஆக வேண்டும் என்று கணக்குக்குத் தெரிகிறது. அந்த விலகலைப் பிரித்து முன்னாலும் பின்னாலும் வைக்கிறது.

வேகத்துக்கும் இதே கதைதான். 5 மீட்டர் ஆர வளைவில் சரக்கு சாயாதிருக்க, பக்கவாட்டு முடுக்கம் 2-க்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், வேகம் மணிக்கு 11 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 18-லிருந்து 11-க்கு இறங்க, 1.5 அளவில் மென்மையாக பிரேக் போட்டால் 5 மீட்டர் போதும். 2 வினாடிப் பார்வையில் 10 மீட்டர் தெரிகிறது. கவலையில்லை.

அதே வண்டியை மணிக்கு 36 கிலோமீட்டரில் விட்டுப் பாருங்கள். இப்போது 11-க்கு இறங்க 30 மீட்டர் வேண்டும். 2 வினாடியில் தெரிவதோ 20 மீட்டர்தான். வளைவு கண்ணில் பட்ட கணத்திலிருந்து முழு பிரேக் போட்டாலும், வளைவின் வாசலில் வேகம் 23 இருக்கும். கணக்கில் ஒரு பிழையும் இல்லை, பார்வைதான் குட்டை. பதிவுகளைப் புரட்டினால் இது பளிச்சென்று தெரியும்: முந்தைய கணம்வரை பிரேக் பூஜ்யம், அடுத்த கணம் உச்சம்.

இன்னொரு விபரீதமும் அப்போது நேரும். எல்லா வரம்புகளுக்கும் உட்பட்ட திட்டமே இல்லாதபோது, தேடும் நிரல் 'விடை இல்லை' என்று கையை விரித்துவிடும். ஓடும் வண்டிக்கு அதைவிடக் கெட்ட பதில் கிடையாது. ஆகவே வரம்புகளை இரண்டு வகையாக்குவார்கள். சக்கரத்தின் 30 டிகிரி இரும்பின் எல்லை. அதைத் தளர்த்த முடியாது. பக்கவாட்டு முடுக்கமும் பாதை விளிம்பும் நாம் வகுத்தவை. பெரிய அபராதம் கட்டி மீறலாம். அப்போது விடை எப்போதும் கிடைக்கும், மோசமான விடையாக இருந்தாலும்.

குட்டைப் பார்வைக்கு மருந்தாக 2 வினாடியை 5 ஆக்கலாம். ஆனால் 40 எண்கள் 100 ஆகிவிடும், கணக்கு முடிய அதே பத்தில் ஒரு வினாடிதான். பாதை முன்பே தெரிந்தது என்றால், நான் வேறு வழியைத்தான் விரும்புவேன். ஒவ்வொரு வளைவிலிருந்தும் பின்னோக்கிக் கணக்கிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு வேகம் தகும் என்று வரைபடத்திலேயே குறித்துவிடுவது. நம் வளைவுக்கு 30 மீட்டர் முன்னால் 36, 20 மீட்டர் முன்னால் 30, வாசலில் 11. அதன்பின் எம்.பி.சி.க்கு 2 வினாடிப் பார்வையே போதுமானது.