சிக்னலில் மட்டும் குளிராத கார் ஏசி

நெடுஞ்சாலையில் நன்றாகக் குளிரும் கார் ஏசி, சிக்னலிலும் நெரிசலிலும் மட்டும் வெதுவெதுப்பான காற்றைத் தந்தால், முதலில் பார்க்க வேண்டியது கன்டென்சரைத்தான். இது முன்பக்க கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது. காருக்குள்ளிருந்து கேஸ் சுமந்து வரும் வெப்பம் இங்கேதான் வெளிக்காற்றில் கலக்கிறது. கன்டென்சரின் குழாய்களுக்கிடையே மெல்லிய அலுமினிய ஃபின்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். காற்று அந்தச் சந்துகளின் வழியேதான் போக வேண்டும்.

வேப்பமரத்தடியில் தினமும் நிற்கும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். உதிரும் இலைகள் பம்பர் இடுக்கில் இறங்குகின்றன. மழைக்காலத்து இரவுப் பயணத்தில் ஈசல்கள் மோதி ஒட்டுகின்றன. தெறிக்கும் கற்கள் ஃபின்களை மடக்குகின்றன. வண்டி வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று மிச்சமிருக்கும் சந்துகளில் பலமாகப் புகுந்து குறையை ஈடுகட்டிவிடும். நின்றுவிட்டால் ஃபேன் இழுக்கும் காற்று மட்டுமே உண்டு; அடைப்பைத் தாண்டி அது போதாது.

வெப்பம் வெளியேறாவிட்டால் கேஸின் அழுத்தம் ஏறும். ஆர்-134ஏ கேஸ் 60 டிகிரியில் திரவமாக மாறும்போது அழுத்தமானி சுமார் 230 பிஎஸ்ஐ காட்டும். 70 டிகிரியில் அது 290ஐத் தாண்டும். இன்னும் ஏறினால் பாதுகாப்பு சென்சார் கம்ப்ரசரை நிறுத்திவிடும். குளிர் திடீரென நின்று, சற்று நேரம் கழித்துத் திரும்புவது அதனால்தான்.

இதை உறுதிசெய்ய எளிய வழி உண்டு. வண்டியை நிறுத்தி, எஞ்சினும் ஏசியும் ஓடும்போதே, முன்பக்கமாகக் கன்டென்சர்மேல் தண்ணீரை மெல்லத் தெளிக்க வேண்டும். ஓரிரு நிமிடத்தில் குளிர் கூடினால், வெப்பம் வெளியேறுவதில்தான் தடை. ஆனால் ஃபேன் பழுதானாலும் இதே விளைவுதான் தெரியும். ஆகவே ஏசி போட்டதும் ஃபேன் முழு வேகத்துக்கு வருகிறதா என்றும் கவனிக்க வேண்டும். ஃபேன் சரியாகச் சுற்றினால் சந்தேகம் அடைப்பின்மேல்தான்.

பல கடைகளில் இந்தக் கட்டத்தில் அழுத்தம்கூடப் பார்க்காமல் கேஸ் நிரப்புகிறார்கள். அது தவறு. ஏற்கெனவே உயர்ந்திருக்கும் அழுத்தம் அதனால் இன்னும் கூடுகிறது.

சுத்தம் செய்வதற்கு முன் எஞ்சினை அணைத்து ஆறவிட வேண்டும். இலைகளைக் கையால் எடுத்துவிட்டு, காய்ந்த பூச்சிகளை மிதமான சோப்புநீரில் ஊறவைக்கலாம். பிறகு சாதாரணக் குழாய்த் தண்ணீரை, முடிந்தவரை உள்ளிருந்து வெளிப்பக்கமாக, ஃபின்களுக்கு நேராகப் பாய்ச்ச வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் ஆழமாகப் போய்ச் சிக்கும். சர்வீஸ் நிலையத்து உயரழுத்தத் தண்ணீர் ஃபின்களை மடக்கிவிடும். மடங்கியவற்றை ஃபின் சீப்பால் பொறுமையாக நிமிர்த்தலாம். முன்பக்கம் சுத்தமாகத் தெரிந்தும் குளிர் திரும்பவில்லை என்றால், கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் குப்பை படிந்திருக்கக்கூடும். அதை எடுக்க முன்பாகத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.