‘நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?’

கோவையில் ஒரு தோழி. மசாலா, காபித்தூள் பாக்கெட்டுகளை வடிவமைப்பது அவர் தொழில். கம்பெனி வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி ஓராண்டு ஆகியும், லிங்க்ட்இன்னில் அவருக்கு வந்த செய்திகளெல்லாம் ஒரே ரகம்: “நோட்டீஸ் பீரியட் எவ்வளவு? எதிர்பார்க்கும் சம்பளம்?”

அவருடைய ‘About’ பகுதியைத் திறந்து பார்த்தோம். “8 ஆண்டு அனுபவமுள்ள விஷுவல் டிசைனர். போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், ஃபிக்மா தெரியும். குழுவாகப் பணியாற்றுவேன். புதிய வாய்ப்புகளைத் தேடுகிறேன்.”

இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் இது ஆளெடுப்பவருக்கான மொழி. எத்தனை ஆண்டு, எந்த மென்பொருள் என்று தேடி ஆட்களை வடிகட்டுவது அவர் வேலை. மசாலா அரைத்து விற்பவருக்கோ இல்லஸ்ட்ரேட்டர் என்றால் என்னவென்றே தெரிய வேண்டியதில்லை. தன் பாக்கெட் கடையில் எடுபடுமா, அச்சுக்கு எவ்வளவு ஆகும் என்பதுதான் அவர் கவலை.

அந்தப் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை எழுதலாம். ஆனால் திறந்ததும் கண்ணில் படுவது முதல் சில வரிகளே. மீதியைப் படிக்க ஒரு தட்டு தட்ட வேண்டும். அதனால் முதல் வரியை இப்படி மாற்றினோம்: “மசாலா, ஊறுகாய், காபித்தூள் தயாரிக்கும் சிறு நிறுவனங்களுக்குப் பாக்கெட் வடிவமைக்கிறேன், அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பு வரை என் பொறுப்பு.” யாருக்கு, என்ன, எதுவரை என்ற மூன்றும் இதிலேயே வந்துவிட்டன.

அடுத்து ஒரு சான்று. “நிறைய பிராண்டுகளுக்குச் செய்திருக்கிறேன்” என்றுதான் முதலில் எழுதினார். ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்றேன். கிராவ்யூர் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் வேண்டும். ஆறு நிறத்தில் திட்டமிட்டிருந்த ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டை நான்கே நிறத்தில் முடித்து, இரண்டு சிலிண்டரின் செலவை மிச்சப்படுத்தியிருக்கிறார். அதையே எழுதினோம். அந்த நிறுவனத்திடம் அனுமதி வாங்காததால் பெயரைச் சேர்க்கவில்லை. “விற்பனை கூடியது” என்றும் எழுதவில்லை. விற்பனை கூடினால் அது பாக்கெட்டால்தானா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

பிறகு வேலை நடக்கும் முறை: முதலில் போனில் பேச்சு, பிறகு இரண்டு மாதிரிகள், இரண்டு முறை திருத்தம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், நிகர எடை, பச்சைப் புள்ளி எல்லாம் லேபிளில் அதனதன் இடத்தில் வரும் என்று ஒரு வரி. கடைசியில், “பாக்கெட்டின் படத்தையும் எடையையும் அனுப்புங்கள், விலை சொல்கிறேன்.”

மென்பொருள் பெயர்களை ‘Skills’ பகுதிக்கு நகர்த்தினோம். “வாய்ப்புகளைத் தேடுகிறேன்” என்பதை அடியோடு எடுத்துவிட்டோம். அந்த வரி இருக்கும்வரை வாடிக்கையாளருக்கு ஒரு சந்தேகம் இருக்கும்: நல்ல வேலை கிடைத்தால் இவர் பாதியில் போய்விடுவாரோ? இதற்கு ஒரு விலையும் உண்டு. சம்பள வேலைக்கான அழைப்புகள் குறையும். இரண்டும் வேண்டும் என்பவருக்கு இந்த மாற்றம் சரிப்படாது.

மாற்றம் பலித்ததா என்பதை வருகிற கேள்வியே காட்டிவிடும். சில வாரங்கள் கழித்துத் தோழிக்கு வந்த செய்தி: “200 கிராம் சாம்பார் பொடி. எத்தனை நிறத்தில் முடிக்கலாம்?”