க்ளூனி சாசனத்தை எப்படிக் கேள்வி கேட்பது?

"அன்புள்ள சார், தேர்வில் மூன்று ஆதாரங்களைக் கொடுத்து ஒரு கேள்வி கேட்கிறார்கள். ஒவ்வொரு ஆதாரமும் என்ன சொல்கிறது என்று வரிசையாக எழுதிவிடுகிறேன். 'சுருக்கம் சரி, வாதம் எங்கே?' என்று ஓரத்தில் எழுதித் தாள் திரும்பி வருகிறது. மடங்களுக்குக் கொடுத்த சாசனங்கள் எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் தெரிகின்றன. ஆன்மா கடைத்தேற நிலம் கொடுத்தேன், இதைக் கெடுப்பவன் நாசமாவான், சாட்சிகள் இன்னார். இதை வைத்து ஒரு பதிலை எப்படிக் கட்டுவது?"

என்னிடம் பள்ளியில் படித்து, இப்போது இங்கிலாந்தில் இடைக்கால ஐரோப்பிய வரலாறு படிக்கும் மாணவி எழுதிய கடிதம் இது. கேள்வித்தாளையும் இணைத்திருந்தாள். "க்ளூனி மடம் தன் தொடக்க காலத்தில் வெளியார் அதிகாரத்திலிருந்து எந்த அளவுக்கு விடுபட்டிருந்தது?" முதல் ஆதாரம், அந்த மடத்தை நிறுவிய சாசனம். இரண்டாவது, முதல் மடத்தலைவர் பெர்னோ எழுதிவைத்த உயில். மூன்றாவது, 931-இல் திருத்தந்தை 11-ஆம் யோவான் கொடுத்த உரிமைப் பத்திரம். பழைய ஆவணங்களைப் படிக்கிற யாருக்கும் வரக்கூடிய சிக்கல்தான் இது. அதனால் அவளுக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

க்ளூனி இன்றைய பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் இருக்கிறது. அக்விடைன் பிரபு வில்லியம் அங்கே தனக்கிருந்த ஊரையும் மாளிகையையும் கொடுத்து ஒரு மடத்தை நிறுவினார். வயல், திராட்சைத் தோட்டம், புல்வெளி, காடு, ஓடை, மாவரைக்கும் ஆலை, நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாட்கள் என்று கொடுத்ததையெல்லாம் சாசனம் பட்டியலிடுகிறது. அது பூர்ஷ் நகரில் செப்டம்பர் 11 அன்று எழுதப்பட்டது. ஆண்டில்தான் சிக்கல். அரசரின் ஆட்சியாண்டு, பதினைந்து ஆண்டுச் சுற்றுக் கணக்கு என இரண்டு விதமாகக் காலம் குறித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. எனவே 910 என்று சிலரும் 909 என்று சிலரும் எழுதுகிறார்கள். விடைத்தாளில் "909 அல்லது 910" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். இந்தக் கேள்விக்கு அந்த ஓராண்டால் எந்த மாற்றமும் இல்லை.

சாசனத்தைக் கையில் எடுத்ததும் பேனாவைக் கொண்டு அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். எந்தச் சாசனத்திலும் வரக்கூடியது ஒரு பக்கம், இந்தச் சாசனத்தில் மட்டும் வருவது மறுபக்கம். செல்வந்தர்கள் அழியும் பொருளைக் கொண்டு அழியாத பலனைத் தேடலாம் என்ற முன்னுரை அந்தக் காலத்து வழக்கமான நடை. சாபமும் அப்படித்தான். கொடையில் கைவைப்பவனுக்கு, விவிலியத்தில் பூமி பிளந்து விழுங்கிய தாத்தான், அபிராம் ஆகியோரின் கதியும் யூதாசின் கதியும் நேரும் என்று சாசனம் எச்சரிக்கிறது. நம் செப்பேடுகளின் முடிவில் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் வருமே, அதைப்போல. இந்தச் சாபத்தைக் காட்டி "வில்லியம் மிகுந்த பக்திமான்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. எல்லாச் சாசனத்திலும் இருக்கும் ஒன்று, இந்த ஒருவரைப் பற்றி எதையும் நிரூபிக்காது.

மறுபக்கத்தில் சேர்வதுதான் விடைக்கான சரக்கு. முதலில், கொடையைப் பெறுவது யார்? வில்லியம் நிலத்தைப் பெர்னோவுக்குக் கொடுக்கவில்லை. பேதுரு, பவுல் என்ற இரண்டு திருத்தூதர்களுக்குக் கொடுக்கிறார். அவர்கள் சொத்து என்றால், ரோமில் அவர்களுடைய கல்லறைகளைக் காக்கும் திருத்தந்தைதான் மடத்துக்கும் காவலர். அந்த உறவின் அடையாளமாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை பத்து சாலிடஸ் காசு, ரோமில் திருத்தூதர் கோயில் விளக்குக்காக மடம் செலுத்த வேண்டும். அடுத்து, யாரெல்லாம் தலையிடக் கூடாது என்று ஒரு வரிசை. வில்லியம் தன் பெயரையும் தன் உறவினர்களையும் அரச அதிகாரத்தையும் முதலில் சொல்கிறார். பிறகு, மடத்துச் சொத்தில் கைவைக்கக் கூடாதவர்களாகச் சிற்றரசர், பிரபு, ஆயர் என்று எண்ணிக்கொண்டே போய் ரோம் நகரத் திருத்தந்தையையும் சேர்க்கிறார். காவலராக நியமித்தவரையே வேலிக்கு வெளியிலும் நிறுத்துகிறார். இந்த இடத்தில் மாணவர் நின்று யோசிக்க வேண்டும். மூன்றாவதாக, பெர்னோ உயிரோடிருக்கும்வரை அவரே தலைவர். அவருக்குப் பின் புனித பெனடிக்டின் ஒழுங்குப்படி துறவிகள் தங்கள் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாம், பிரபுவோ வேறு எவருமோ குறுக்கே வரக் கூடாது.

இந்த மூன்றையும் எடுத்தவுடன் மாணவி எழுதிய பத்தி இப்படி இருந்தது: "முதல் ஆதாரம் க்ளூனி முழு விடுதலை பெற்றது என்கிறது. துறவிகள் தலைவரைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. இது மடத்தை நிறுவியவரே எழுதியது என்பதால் நம்பகமானது." மூன்றாவது வாக்கியத்தில்தான் எல்லாம் குலைகிறது. நிறுவியவர் எழுதியது என்பதால் அவர் என்ன விரும்பினார் என்பதற்கு அது நல்ல சான்று. பின்னால் என்ன நடந்தது என்பதற்கு அது சான்றே அல்ல. எழுதும்போது அது இன்னும் நடக்கவே இல்லையே. "யார் எழுதியது, எப்போது, எதற்கு" என்பதைத் தனிப் பத்தியாக எழுதிவைத்துவிட்டு அப்புறம் விடைக்குப் போவதால் வரும் வினை இது. அந்த விவரம், வாதம் நடக்கும் வாக்கியத்துக்குள்ளேயே வந்து வேலை செய்ய வேண்டும்.

பெர்னோவின் உயிலை அருகில் வைத்தால் சாசனத்தின் மூன்றாவது விதி உடனே சோதனைக்கு உள்ளாகிறது. பெர்னோ 927-இன் தொடக்கத்தில் இறந்தார். அதற்குச் சற்றுமுன் எழுதிய உயிலில், தன் பொறுப்பிலிருந்த மடங்களை இரண்டாகப் பிரித்தார். ஜின்யி, போம் முதலியவை உறவினர் கீ என்பவருக்கு. க்ளூனியும் வேறு இரண்டு மடங்களும் ஓடோ என்ற துறவிக்கு. சகோதரர்களின் சம்மதத்தோடு செய்வதாகத்தான் உயில் சொல்கிறது. ஆனாலும் வாரிசைக் குறித்தவர் பெர்னோ. ஆக, சாசனம் எழுதிய பதினேழு பதினெட்டு ஆண்டுகளில், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதல்முறை பயன்பட வேண்டிய நேரத்தில், அது சாசனத்தில் எழுதியபடி நடக்கவில்லை. ஆனால் கவனிக்க வேண்டியது, அதை மாற்றியவர் வெளியார் அல்லர். மடத்துக்குள்ளிருந்தவர். கேள்வி கேட்பது வெளியார் அதிகாரத்தைப் பற்றி. இந்த வேறுபாட்டைச் சொல்லும் மாணவருக்குத்தான் மேல்வரிசை மதிப்பெண்.

உயில் தகராறையும் கொண்டுவந்தது. ஜின்யியின் நிலத்தில் ஒரு பகுதியைப் பெர்னோ க்ளூனிக்கு ஒதுக்கி, அதற்கு ஆண்டுதோறும் பன்னிரண்டு டெனாரி ஜின்யிக்குக் கட்ட வேண்டும் என்று வைத்திருந்தார். கீ அதை ஏற்காமல் அந்தச் சொத்தைப் பறித்துக்கொண்டார். 928-இல் திருத்தந்தை 10-ஆம் யோவான், பிரெஞ்சு அரசர் ருடால்புக்கு எழுதிச் சொத்தை மீட்டுத் தரச் சொன்னார். அரச அதிகாரம் வேண்டாம் என்று சாசனம் விலக்கிய மடத்துக்காக அரசரின் கையையே நாட வேண்டியிருந்தது. தேர்வில் கொடுத்த ஆதாரங்களில் இது இல்லை. சொந்த அறிவிலிருந்து எடுக்க வேண்டியது. சொந்த அறிவு விடையில் நுழைய வேண்டிய இடம் இத்தகைய இடம்தான், அதாவது ஓர் ஆதாரத்தின் வாக்கை அது உறுதிசெய்யவோ உடைக்கவோ செய்யும் இடம்.

சொந்த அறிவிலிருந்து இன்னொன்றும் வேண்டும். வில்லியம் 918-இல் வாரிசு இல்லாமல் இறந்தார். அடுத்தடுத்து வந்த அவருடைய சகோதரியின் மகன்கள் இருவரும் 927-க்குள் மறைந்தார்கள். நிறுவியவரின் குடும்பமே மடத்தை உரிமை கொண்டாடிச் சூறையாடுவது அந்தக் காலத்தில் நடப்பதுதான். க்ளூனிக்கு அந்த ஆபத்து பெரிய அளவில் வராததற்குச் சாசனத்தின் வாசகம் ஒரு காரணம் என்றால், அந்தக் குடும்பம் அதிகாரத்திலிருந்து மறைந்துபோனது இன்னொரு காரணம். சாசனத்தை மட்டும் படிப்பவர் கண்ணுக்கு இந்த இரண்டாவது காரணம் படவே படாது.

931-இன் பத்திரம் எதற்கு உதவும்? அது க்ளூனியின் விடுதலையை உறுதிசெய்து, வேறு மடங்களை ஏற்றுச் சீர்திருத்தும் அனுமதியையும் ஓடோவுக்குத் தருகிறது. சாசனம் தெளிவாக இருந்தும் இருபது ஆண்டுகளில் இன்னொரு உறுதி தேவைப்பட்டது என்றால், எழுத்து தன்னைத்தானே காத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். மாணவர்கள் வழுக்குவதும் இங்கேதான். மாக்கோன் ஆயரின் ஆன்மிக அதிகாரத்திலிருந்து க்ளூனி விலக்குப் பெற்றது 998-லும் 1024-லும் வந்த திருத்தந்தையரின் பத்திரங்களால். முதல் சாசனம் ஆயரிடமிருந்து காத்தது மடத்தின் சொத்தை. பிற்காலப் புகழைத் தொடக்கத்தின்மேல் ஏற்றி, "910-லேயே ஆயருக்குக் கட்டுப்படாத மடம்" என்று எழுதினால் திருத்துபவர் உடனே பிடித்துவிடுவார்.

இப்போது விடையின் அமைப்பு தானாகவே தெரியும். ஆதாரம் ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தி பிரித்தால் மறுபடியும் சுருக்கம்தான் வரும். சொத்து யாருடையது, தலைவரைத் தேர்வது யார், ஆபத்து வந்தால் காப்பது யார் என்று கேள்வியைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி வைத்து, தேவையான ஆதாரங்களை அந்தப் பத்திக்குள் கூட்டிவந்து மோதவிட வேண்டும். தலைவர் தேர்வு பற்றிய பத்தியை மாணவிக்கு இப்படி எழுதிக் காட்டினேன்:

"தலைவரைத் தேர்வதில் வெளியார் தலையீடு இல்லை, ஆனால் துறவிகளின் சுதந்திரமான தேர்வும் இல்லை. நிறுவும்போது வில்லியம் விரும்பியது தேர்வு என்பதைச் சாசனம் காட்டுகிறது. அந்த விருப்பம் முதன்முதலில் சோதிக்கப்பட்டபோது எழுந்த ஆவணமான பெர்னோவின் உயில், சகோதரர்களின் சம்மதத்தைச் சொல்லிக்கொண்டே ஓடோவைப் பெர்னோவே குறிப்பதைக் காட்டுகிறது. உயில் தன் செயலை நியாயப்படுத்தும் ஆவணம் என்பதால் அந்தச் சம்மதம் எப்படிப்பட்டது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. ஆயினும் எந்தப் பிரபுவும் ஆயரும் இந்த நியமனத்தில் தலையிட்டதாக உயிலில் இல்லை. எனவே இந்த ஒரு விஷயத்தில் சாசனத்தின் எழுத்து மீறப்பட்டது, நோக்கம் நிறைவேறியது."

முன்னுரைக்கு இரண்டு வாக்கியம் போதும், அதில் முடிவைச் சொல்லிவிட வேண்டும்: சொத்திலும் தலைமையிலும் க்ளூனி பெருமளவு விடுபட்டிருந்தது, பாதுகாப்பில் பிறரைச் சார்ந்தே இருந்தது. கடைசிப் பத்தியில் அதே முடிவைத் திரும்பச் சொல்லாமல், மூன்று விஷயங்களில் எது கனமானது, ஏன் என்று எடைபோட வேண்டும். நான் பாதுகாப்பையே முதலில் வைப்பேன். கீ சொத்தைப் பறித்தபோது சாபமும், சாசனம் விதித்திருந்த நூறு பவுண்டு தங்க அபராதமும் அவரைத் தடுக்கவில்லை. மாணவி தலைமையை முதலில் வைக்கலாம். காரணம் சொன்னால் அதுவும் சரியான விடை.