தண்ணீர் குடித்தால் அப்பாவுக்கு இருமல்: மருத்துவருக்கு ஒரு கடிதம்

பெரியவர் ஒருவருக்குத் தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் உச்சந்தலையில் இரண்டு தட்டு தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். எப்போதாவது நடந்தால் பரவாயில்லை. வாரத்தில் பல நாள் நடந்தால், அதுவும் சாதத்துக்கு வராமல் தண்ணீருக்கும் காபிக்கும் மட்டும் வந்தால், அதைப் பார்க்க வேண்டியவர் மருத்துவர்.

தண்ணீர்தானே சுலபம், சாதம்தானே கஷ்டம் என்று தோன்றும். விஷயம் நேர்மாறானது. விழுங்கும் நொடியில் குரல்வளை மேலே எழும்பி மூச்சுக்குழாயின் வாயை மூடிக்கொள்கிறது. பார்கின்சன் நோய், பக்கவாதம் போன்றவற்றால் இந்த மூடல் சற்றுத் தாமதமாகலாம். சாதம் மெதுவாக இறங்குவதால் அந்தத் தாமதம் தெரிவதில்லை. தண்ணீர் காத்திருக்காது, மூடுவதற்குள் உள்ளே போய்விடும். அதை வெளியே தள்ள உடம்பு செய்யும் முயற்சியே இருமல்.

மருத்துவரிடம் போனால் என்ன நடக்கும்? ஐந்து நிமிடம். "எப்படிப்பா இருக்கீங்க?" என்று கேட்டால் அப்பா "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார். அங்கே ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் ஒழுங்காகவே குடித்தும் காட்டுவார். வீட்டில் ஐந்து மாதமாக நடந்தது அந்த அறைக்குள் வந்து சேர்வதே இல்லை. அதனால்தான் கடிதம். ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல், தேதியோடு, எழுதி முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும். பார்கின்சன் உள்ள ஒரு தந்தைக்காக மகள் எழுதுவதாக வைத்துக்கொண்டு ஒரு மாதிரி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு ஆண்டுகளாக உங்களிடம் பார்கின்சனுக்குச் சிகிச்சை பெறும் என் அப்பாவுக்கு (வயது 72) ஏப்ரல் முதல் தண்ணீர், காபி குடிக்கும்போது இருமல் வருகிறது. இதற்கிடையே இரண்டு முறை காய்ச்சல் வந்தது. எடையும் குறைந்துள்ளது. விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டுமா என்று கேட்கவே எழுதுகிறேன்.

ஏப்ரல் முதல் வாரம்: காலை காபிக்கு இருமல், வாரத்தில் இரண்டு மூன்று நாள். இட்லி, சாதத்துக்கு இல்லை. எடை 63 கிலோ.

மே நடுவில்: தண்ணீருக்கும் வரத் தொடங்கியது. சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்தால் அதிகம். டம்ளரில் வாய் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தால் குறைவு.

ஜூன் 9 முதல் 13 வரை: 101 டிகிரி காய்ச்சல், சளி. அருகிலுள்ள கிளினிக்கில் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுக்கவில்லை.

ஜூலை: ரசம் சாதத்துக்கும், மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கும்போதும் இருமல். கால் மணி நேரத்தில் முடித்த சாப்பாட்டுக்கு இப்போது முக்கால் மணி நேரம் ஆகிறது.

ஆகஸ்ட் 3: மறுபடி காய்ச்சல். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் நிமோனியா என்றார்கள். நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தார். டிஸ்சார்ஜ் சம்மரி இணைத்துள்ளேன்.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து: இருமல் குறைந்துவிட்டது. ஆனால் குடித்து முடித்ததும் தொண்டையில் நீர் நிற்பதுபோல் குரல் மாறுகிறது. தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போகிறது. எடை 58.5 கிலோ.

காபி குடிப்பது காலை 6 மணிக்கு. லீவோடோபா மாத்திரையின் முதல் வேளை 7.30. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கும் தண்ணீருக்கு இருமல் குறைவு என்று கவனித்தேன். பிரஷருக்கு அம்லோடிபின் எடுக்கிறார். புதிதாக எந்த மருந்தும் சேரவில்லை.

காபி சூடாக இருப்பதால்தான் இருமல் என்பது அப்பாவின் கருத்து. ஆறிய காபிக்கும் வந்ததை நான் பார்த்தேன். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக்காட்டி, அவர் சம்மதத்தோடு தருகிறேன்.

இரண்டு காய்ச்சலுக்கும் இந்த இருமலுக்கும் தொடர்பு உண்டா? விழுங்கும் பரிசோதனைக்கு யாரிடம் போவது? அதுவரை மாத்திரைகளை எப்படிக் கொடுப்பது?

இப்படிக்கு, மகள்.

இந்தக் கடிதத்தில் மருத்துவரின் கண் முதலில் நிற்கும் இடம் ஆகஸ்ட் கடைசி. இருமல் குறைந்ததும் வீட்டில் எல்லோரும் நிம்மதி அடைந்திருப்பார்கள். ஆனால் அதே நாட்களில் குரல் மாறியிருக்கிறது, எடை இறங்கியிருக்கிறது, அதற்குச் சற்று முன்புதான் நிமோனியா வந்து போயிருக்கிறது. தொண்டையின் உணர்வு மங்கினால், தண்ணீர் உள்ளே போனாலும் இருமல் எழாது. பார்கின்சனிலும் பக்கவாதத்திலும் இது அபூர்வமில்லை. ஆகவே இருமல் குறைந்துபோனதை மட்டும் வைத்துக் குணமாகிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. தேதிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால்தான் இது கண்ணில் படும்.

இரண்டு காய்ச்சலும் அப்படித்தான். ஜூனில் பார்த்தவர் ஒருவர், ஆகஸ்டில் பார்த்தவர் வேறொருவர். இருவருக்கும் அது தனித்தனிக் காய்ச்சல். ஒரே தாளில் வரும்போது ஒரே கதையாகிறது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி என்ற குறிப்பும் வீண் விவரமில்லை. வலப்பக்க மூச்சுக்குழாய் அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால், உட்கார்ந்திருக்கும்போது உள்ளே போகும் திரவம் பெரும்பாலும் அங்கேதான் சேரும்.

மருந்துப் பெயர்களை எழுதுவதற்கும் காரணம் உண்டு. எனாலாப்ரில், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரைகள் சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். அந்த இருமல் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் வரும். குடிக்கும்போதும் குடித்த சில நிமிடங்களுக்குள்ளும் மட்டும் வருகிறதா, நாள் முழுக்க வருகிறதா என்று ஒரு வரி இருந்தால் மருத்துவருக்குப் பாதி குழப்பம் தீரும். மாத்திரை வேளையும் அதுபோலவே. லீவோடோபாவின் பலன் இறங்கியிருக்கும் அதிகாலையில் சிலருக்கு விழுங்குவதும் மந்தமாகும். எல்லோருக்கும் அந்த மருந்தால் விழுங்குதல் சீராவதில்லை என்றாலும், காபி நேரத்தையோ மாத்திரை நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாமா என்று மருத்துவர் யோசிக்க அது ஒரு துப்பு. நேரத்தை நாமாக மாற்றக் கூடாது.

கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. நேற்றுவரை நன்றாகக் குடித்தவருக்கு இன்று திடீரென்று புரையேறி, வாய் கோணியோ பேச்சு குழறியோ கை தளர்ந்தோ இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 108. மூச்சுத்திணறலோடு காய்ச்சல், அல்லது பெரியவருக்குத் திடீர்க் குழப்பம் என்றால் அன்றைக்கே மருத்துவமனை.

மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில் செய்யக்கூடியவை குறைவுதான், ஆனால் பயனுள்ளவை. முதலில் நிறுத்த வேண்டியது அண்ணாந்து குடிப்பது. எச்சில் படாமல் குடிப்பது நமக்குப் பழக்கம், மரியாதையும்கூட. ஆனால் தலை பின்னால் சாயும்போது மூச்சுப்பாதை திறந்துகொள்கிறது. சொம்பிலிருந்து எவ்வளவு விழுகிறது என்பதும் நம் கட்டுப்பாட்டில் இல்லை. அவருக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டால் எச்சில் பிரச்சினையும் இல்லை. ஈஸி சேரில் சாய்ந்தபடி இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு மடக்காக, இடையில் பேச்சுக்கொடுக்காமல் குடிக்கட்டும். சாப்பிட்டதும் அரை மணி நேரமாவது படுக்க வேண்டாம். பல்லையும் நாக்கையும் காலை, இரவு இரண்டு வேளையும் சுத்தம் செய்ய வேண்டும். நுரையீரலுக்குள் போவது வெறும் தண்ணீரோடு நிற்பதில்லை; வாயிலுள்ள கிருமிகளும் சேர்ந்து போவதால்தான் நிமோனியா வருகிறது.

செய்யக் கூடாதவை இரண்டு. மாத்திரைகளைக் கேட்காமல் பொடிக்க வேண்டாம். மெதுவாக மருந்தை விடும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கும். இணையத்தில் பார்த்துத் தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவு வாங்கி நாமாகக் கலக்கவும் வேண்டாம். சிலருக்கு அது உதவும். ஆனால் ருசி பிடிக்காமல் குடிப்பதே குறைந்து, உடம்பில் நீர் வற்றிப்போனவர்களும் உண்டு. எவ்வளவு கெட்டி என்பது பரிசோதனைக்குப் பிறகு முடிவாக வேண்டியது.

அந்தப் பரிசோதனை பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கவைத்து, அது இறங்குவதை ஓடும் எக்ஸ்ரே படமாகப் பார்ப்பது ஒன்று. மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டுத் தொண்டையை நேரே பார்ப்பது மற்றொன்று. சத்தமில்லாமல் உள்ளே போகும் தண்ணீரை இவை காட்டிக்கொடுக்கும். இதில் தேர்ந்தவர் ஸ்பீச் தெரபிஸ்ட். பேச்சுப் பயிற்சி மட்டும்தான் அவர் வேலை என்ற எண்ணத்தால் பல குடும்பங்கள் அவரைத் தேடுவதே இல்லை. இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். மருத்துவர் "வயசானா அப்படித்தான்" என்று முடித்துவிட்டால், பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். வேறொரு மருத்துவரின் கருத்தையும் கேட்கலாம்.

பழைய எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சம்மரியும் கைக்கு வராமல் கடிதம் பாதியில் நிற்கும் குடும்பங்கள் நிறைய. மருத்துவர்களின் தொழில் நடத்தை குறித்த 2002-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் சிகிச்சைப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்காமல், தேதியிட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "அதிகாரம் கொடுத்தவர்" என்பதற்காக அப்பாவின் கையெழுத்திட்ட இரண்டு வரியும் வேண்டும்.

அந்தக் கையெழுத்தை வெறும் சடங்காக நினைக்க வேண்டாம். தெளிவாக முடிவெடுக்கக்கூடிய பெரியவரின் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரியாமல் கடிதம் போகக் கூடாது. மாதிரியில் சம்மதம் பற்றிய வரி இருப்பது அதனால்தான். பரிசோதனைக்குப் பிறகு "இனி காபியைக் கெட்டியாக்கித்தான் குடிக்கணும்" என்று முடிவானாலும், ஆபத்தைப் புரிந்துகொண்டு அவர் மறுக்கலாம். அப்போது கேட்க வேண்டியது, எந்த நேரத்தில், எவ்வளவு, எப்படி உட்கார்ந்து குடித்தால் ஆபத்து மிகக் குறையும் என்பதை. அந்தப் பதிலை ஸ்பீச் தெரபிஸ்டிடம் எழுதி வாங்கி, அடுத்த மாதக் கடிதத்தோடு இணைத்துவிடலாம்.