வாங்கிய பிறகும் வரும் ‘வாங்குங்கள்’ மடல்

மரச்செக்கு எண்ணெயை இணையத்தில் விற்கும் ஒரு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை ஒருவர் 10 சதவீதத் தள்ளுபடிக் கூப்பனுக்காகத் தன் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கிறார். விற்பனைத் துறையினர் இவரை ‘லீட்’ என்பார்கள். ஆர்வம் காட்டியவர், இன்னும் வாங்காதவர். அவருக்குத் தானாகவே அடுத்தடுத்துப் போகும் நான்கு மடல்கள்தான் வரவேற்பு வரிசை.

அதைத் தொடங்கிவைக்கும் செயலுக்கு ‘ட்ரிக்கர்’ என்று பெயர். முகவரியை உறுதிசெய்யும் இணைப்பை அவர் அழுத்துவதையே ட்ரிக்கராக வைப்பது நல்லது. தவறாகத் தட்டச்சான முகவரிகள் அங்கேயே வடிகட்டப்பட்டுவிடும். ‘மடலைத் திறந்தால் அடுத்ததை அனுப்பு’ என்று வைப்பது இப்போது சரிவராது. 2021 முதல் ஆப்பிளின் மெயில் செயலி மடலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், படிக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் வரும்.

கூப்பன் உடனே போக வேண்டும். கேட்டவர் அதற்காகத்தான் காத்திருக்கிறார். புதன்கிழமை, எண்ணெய் ஆட்டும் விதம் பற்றி ஒரு மடல். சனிக்கிழமை, நுரைக்குமா, எத்தனை நாள் கெடாது என்ற சந்தேகங்களுக்குப் பதில். அடுத்த புதன்கிழமை, கூப்பன் முடியப்போகிறது என்ற நினைவூட்டல். ஆர்வம் சூடாக இருக்கும்போது நெருக்கமாகவும், போகப்போக இடைவெளி விட்டும் அனுப்புவதே இந்த அமைப்பு.

அவர் வெள்ளி இரவே கூப்பனை மறந்து, முழு விலைக்கு வாங்கிவிடுகிறார். வரிசை நிற்கவில்லை என்றால் புதன்கிழமை தள்ளுபடி மடல் அவர் கைக்குப் போய்ச் சேரும். “போன வாரம்தானே முழு விலை கொடுத்தேன்?” என்று அவர் கேட்டால் கடைக்காரரிடம் பதில் இருக்காது.

‘வாங்கிவிட்டாரா?’ என்ற சோதனையை வரிசையின் தொடக்கத்தில் மட்டும் வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் பிழை. திங்களன்று அவர் வாங்காதவர்தானே! ஒவ்வொரு மடலும் புறப்படும் முன் அந்தச் சோதனை நடக்க வேண்டும். இன்னொரு சிக்கல், கூப்பனுக்கு அலுவலக முகவரியையும் ஆர்டருக்குச் சொந்த முகவரியையும் கொடுப்பவர்கள். மென்பொருளுக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். படிவத்திலேயே கைபேசி எண்ணையும் வாங்கி, அதை வைத்து ஒப்பிட்டால் பெரும்பாலும் பிடிபடும்.

பணத்தைப் பொருள் வந்ததும் தரும் ‘கேஷ் ஆன் டெலிவரி’ ஆர்டர்களில், பணம் வரும்வரை காத்திராமல் ஆர்டர் பதிவானதுமே வரிசையை நிறுத்த வேண்டும். ஆனால் அதை ஒரேயடியாக நீக்காமல் இடைநிறுத்தினால் போதும். ஆர்டர் ரத்தானால் சில நாள் கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பில்லும் பார்சல் தகவலும் இந்த வரிசையைச் சேர்ந்தவை அல்ல. அவை தடையின்றிப் போக வேண்டும்.

எரிச்சலடைந்தவர் ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்துவதும் கடைக்கு நஷ்டம்தான். 2024 முதல், நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் மடல் அனுப்புவோரின் ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது ஜிமெயில்.

கடை நடத்துபவர்கள் இன்றே இன்னொரு முகவரியில் பதிந்து, தங்கள் கடையிலேயே ஒரு பாட்டில் வாங்கிப் பாருங்கள். சனிக்கிழமை மடல் வந்தால், இடைநிறுத்தம் வேலை செய்யவில்லை.